சொன்ன சொல்லைத் திரும்பப் போய்ப் பார்த்தவர்

வேலங்குளம் தாய் சேய் நல விடுதியின் மருத்துவச்சி சொர்ணவல்லி எந்த ஊருக்குப் போவதானாலும் சைக்கிளின் பின் கேரியரில் உட்கார்ந்துதான் போவார். மிதிப்பவர் அவருடைய கணவர் பெரியண்ணன். மடியில் சர்க்கார் கொடுத்த தோல்பை, தலையில் வெயிலுக்கு முந்தானை. திருமயத்துக்கு மேற்கே பாறையும் பொட்டலும் கண்மாயுமாகக் கிடந்த அந்தப் பகுதியில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பெண்பிள்ளை உத்தியோகத்துக்குப் போவதும் அவளைப் புருஷனே கொண்டுபோய் விடுவதும் ஊர் வாய்க்கு அவலாகத்தான் இருந்தன.

பெரியண்ணன் விடுதிக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். டீக்கடைப் பக்கம் நிற்பவர்கள் அவரைச் சும்மா போக விட்டதில்லை.

"என்ன பெரியண்ணே, இன்னைக்கு எந்தூருக்கு டூட்டி?"

"அம்மா எங்கிட்டுக் கைகாட்டுதோ அங்கிட்டு. பெல்லும் பிரேக்கும் மட்டுந்தானப்பா நம்ம டிபார்ட்மெண்ட்."

"சம்பளம் உண்டா?"

"ரெண்டு வேளைச் சோறு, ஒரு வேளை வசவு."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் மிதித்துப் போய்விடுவார். பின்னால் இருப்பவர் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொள்வார்.

சொர்ணவல்லி பிறந்தது குளத்தூர்ப் பக்கம். தகப்பனார் ஆண்டிச்சாமி மானாவாரி வெள்ளாமைக்காரர். மகள் எட்டாம் வகுப்பு தேறியதும் வாத்தியார் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. மருத்துவச்சிப் பயிற்சிக்குக் கிடைத்தது. "பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கிறதுக்கு முன்னாடி, அதுக பூமியில வந்து விழணும்ல, போ" என்று சொல்லி ஆண்டிச்சாமி மகளைப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏற்றிவிட்டார். சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டு ஓரிரு வருஷங்களே ஆகியிருந்த காலம் அது.

பயிற்சி முடிந்து முதலில் வேலை பார்த்தது பொன்னமராவதியில். அவருடைய வாழ்நாள் வழக்கம் ஒன்று அங்கேதான் உருவாயிற்று. பேறு பார்த்துவிட்டு வருவார். காய்ச்சலுக்கும் பால் கட்டியதற்கும் இன்னது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் வராது. குணமானால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள். குணமாகாவிட்டால் தலையெழுத்து என்றார்கள். நல்லதானாலும் சரி, கெட்டதானாலும் சரி, மருத்துவச்சியிடம் வந்து சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஒரு வருஷம் போனதும் சொர்ணவல்லிக்கு ஒரு பயம் பிடித்தது. தாம் சொல்லிவந்தவற்றில் எது சரி, எது தவறு என்று தமக்கே தெரியவில்லையே என்ற பயம் அது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டார். 'இது போய்விடும்' என்று எங்காவது வாய்விட்டுச் சொன்னால், போய்விட்டதா என்று திரும்பப் போய்க் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை. யாரும் கூப்பிட வேண்டியதில்லை. சர்க்கார் சட்டம் அப்படிக் கேட்கவும் இல்லை. இந்த விதியால் மிகவும் தேய்ந்தவை பெரியண்ணனின் சைக்கிள் டயர்களே.

வேலங்குளத்துப் பெரிய வீட்டு விவகாரம் ஐம்பத்தேழாம் வருஷத்துப் பங்குனியில் நடந்தது.

அந்த வீடு கடல் கடந்து வணிகம் செய்த குடும்பத்தினுடையது. ஆண்கள் பினாங்குக் கடையில் இருந்தார்கள். வீட்டை ஆண்டவர் பொன்னம்மாள் ஆச்சி. ஐம்பதைத் தாண்டிய விதவை; கணக்கிலும் சுத்தத்திலும் கறாரானவர். அவருடைய ஒரே மகன் முத்துராமன் கல்யாணமாகி ஒரு வருஷத்தில் பினாங்குக்குப் போய்விட்டான். மருமகள் கண்ணம்மைக்கு அந்த மார்கழியில் ஆண் குழந்தை பிறந்தது. பேறு பார்த்ததும் சொர்ணவல்லிதான். குழந்தைக்குத் தாத்தா பெயரான ஆதப்பன் என்று பெயரிட்டார்கள். கணவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் பொன்னம்மாள் ஆச்சி பேரனைச் 'சின்ன முதலாளி' என்றே அழைத்தார்.

பிள்ளை பிறந்த சேதி போனதும் முத்துராமன் கப்பலில் வந்த ஆள் மூலம் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். அதில் பால் பவுடர் டின்களும் அரை டஜன் ரப்பர் நிக்கர்களும் இருந்தன. உள்ளே துணியை மடித்து வைத்து மேலே நிக்கரை மாட்டிவிட்டால் ஒரு சொட்டு வெளியே வராது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் அரைஞாண் கயிற்றோடு திரிந்த ஊரில், சின்ன முதலாளி வெளிநாட்டு நிக்கரில் பட்டு மெத்தையில் படுத்திருந்தார். வந்தவர்களெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பங்குனி வெயில் ஏறியதும் குழந்தையின் பின்புறம் சிவந்தது. ஆச்சி மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பினார்.

சொர்ணவல்லி போன அன்று வீட்டில் ஏதோ கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முற்றத்தைச் சுற்றி உறவுப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அவர் தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கி நிக்கரைக் கழற்றினார். சூடான ஈர வாடை மேலே எழுந்தது. பிட்டத்தின் மேடான இடங்கள் வெந்நீர் பட்டதுபோல் சிவந்திருந்தன.

"ஆச்சி, காத்து போக வழியில்லைங்க. மூத்திர ஈரத்துலயே தோல் ஊறிப் புழுங்கிப்போச்சு. இந்த ரப்பரை இன்னையோட தூக்கிப் போடுங்க. ஈரமானதும் வெறுந்தண்ணியில கழுவி, ஒத்தி எடுத்து, காத்தாடப் போடுங்க. தேங்காயெண்ணெய் லேசாத் தடவுங்க. ரெண்டு மூணு நாள்ல தணிஞ்சிரும்."

"பினாங்குல வெள்ளைக்காரன் பிள்ளையெல்லாம் இதைத்தானே போட்டுக்கிருக்கு."

"அந்தப் பிள்ளை பங்குனி மாசம் வேலங்குளத்துல கெடந்தா அதுக்கும் வெந்துதாங்க போகும்."

பெண்கள் சிரித்தார்கள். குழந்தை வீறிட்டது. "போதும், பச்சைப் பிள்ளையைப் போட்டு உருட்டாதே" என்று ஆச்சி வாங்கிக்கொண்டார். தொடை இடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்த சொர்ணவல்லி, அந்தச் சத்தத்தில் பார்க்காமலே எழுந்துவிட்டார்.

பொன்னம்மாள் ஆச்சி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர். நிக்கர்கள் அன்றே பெட்டிக்குள் போயின. குழந்தை நாளெல்லாம் துணி விரித்த பாயில் கிடந்தது. வேலைக்காரி மூக்காயி ஈரத்துக்கு ஈரம் கழுவினாள். எண்ணெய் மட்டும் சற்றுத் தாராளமாகப் போயிற்று. மடிப்புக்குள்ளெல்லாம் வழிய வழியத் தடவினார்கள்.

மேட்டில் இருந்த சிவப்பு சொன்னபடியே வெளுத்தது. ஆனால் தொடை இடுக்குகளில் சிவப்பு இன்னும் ஆழமாயிற்று. அதைச் சுற்றிப் புதிதாகப் புள்ளிகள் கிளம்பின. குழந்தை பால் குடிக்க வாய் வைக்கும். நாலு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும்.

ஆச்சி யோசித்தார். அவருடைய யோசனையில் ஒரு ஒழுங்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரப்பரை எடுத்தாயிற்று; காற்றும் படுகிறது; மருந்தும் போட்டாயிற்று. அப்படியும் எரிகிறது என்றால் சூடு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளிருந்து வருகிறது. உள்ளே போவது ஒரே ஒரு பொருள், தாய்ப்பால். போதாக்குறைக்குக் கண்ணம்மை பால் கொடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்து முகத்தைச் சுளித்தாள். அது ஆச்சியின் கண்ணுக்குத் தப்பவில்லை. கொடுக்க மனசில்லை என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டார்.

அந்தப் பக்கத்தில் தாய்ப்பாலைச் சோதிக்க ஒரு முறை உண்டு. பாலைச் சங்கில் பீய்ச்சி அதில் ஓர் எறும்பை விடுவார்கள். எறும்பு நீந்திக் கரையேறினால் நல்ல பால். செத்தால் சேராத பால். ஆச்சி சோதித்தார். எறும்பு செத்தது.

இனி டின் பால்தான் என்று முடிவாயிற்று. கண்ணம்மைக்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டச் சொன்னார்.

சொர்ணவல்லிக்கு இது எதுவும் தெரியாது. மூன்றாம் நாளே போயிருக்க வேண்டியவர், பக்கத்து ஊரில் கால் முன்னாக வந்த ஒரு பிள்ளையோடு போராடிக்கொண்டிருந்தார். அது முடிந்து, குளித்து, வாயில் கஞ்சி பட்டதும், "ஏங்க, வண்டியை எடுங்க" என்றார்.

"எங்க?"

"பெரிய வீட்டுக்கு. தணிஞ்சிரும்னு சொல்லிட்டு வந்தேன்."

"தணியலைன்னா இன்னேரம் கார் வந்திருக்குமே வல்லி. அவுகளுக்கு என்ன, கூப்பிட ஆளா இல்லை?"

"தணிஞ்சா யாரு வந்து சொன்னா? தணியலைன்னா யாரு வந்து சொன்னா? நீங்க மிதிங்க."

பெரிய வீட்டின் முன்கூடமான பட்டாளையில் கால் வைத்ததும் மல்லிகை வாசம் மூக்கை அடைத்தது. தாம்பாளம் நிறையப் பூ. அருகே நனைத்த மல் துணி. வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை; விருந்தாளிகளும் இல்லை. சொர்ணவல்லிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பேறு பார்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பூ எதற்கு என்று தெரியும். பிள்ளை தவறிப்போன வீடுகளில்தான் அவர் அதைக் கட்டிப் பார்த்திருக்கிறார்.

"ஆச்சி, பிள்ளை?"

"இருக்கான். நீ பதறாதே. பாலு சேரலை, நிப்பாட்டப் போறோம். சாயந்தரம் கட்டிரலாம்னு இருக்கேன்." ஆச்சி குரலை உயர்த்தவில்லை. "நீ சொன்னதையெல்லாம் செஞ்சாச்சு வல்லி. எண்ணெய் போட்டாச்சு. தணியலை. ஒன்னையக் குத்தம் சொல்லலை. ஒனக்குத் தெரிஞ்சதைச் சொன்னே."

உள் அறையின் கதவோரம் கண்ணம்மை நின்றாள். அழுது முடித்த முகம். வெயில் காலத்தில் டின் பாலும் புட்டியும் மூன்று மாதக் குழந்தையின் வயிற்றை என்ன செய்யும் என்பது சொர்ணவல்லிக்குத் தெரியும். கோடை தவறாமல் அப்படி ஒன்றிரண்டை அவர் பார்த்துவந்தார். பால் ஒருமுறை வற்றினால் திரும்பக் கொண்டுவருவது சுலபம் அல்ல. ஆனால் அதைப் பற்றி அப்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஆச்சி, நான் ஒரு தடவை பார்த்துக்கிறேங்க. அதுக்கப்புறம் ஒங்க இஷ்டம்."

முற்றத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தார். குழந்தையை முழங்கால்மேல் கிடத்தினார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அன்று செய்யாமல் விட்டதை இன்று செய்தார். தொடை இடுக்கின் மடிப்பை விரல்களால் மெல்லப் பிரித்தார்.

உள்ளே பளபளவென்று அடர்ந்த சிவப்பு. ஓரம் கோடு கிழித்ததுபோல் தெளிவாக இருந்தது. அந்த ஓரத்தில் தோல் மெல்லிய செதிலாக உரிந்திருந்தது. ஓரத்தைத் தாண்டி, நல்ல தோலின்மேல், ஒன்றோடொன்று ஒட்டாத சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சிலவற்றின் நுனியில் கடுகிலும் சிறிய சீழ்ப்பொட்டு. காவி கரைத்த வாளியைத் தொப்பென்று கீழே வைத்தால் சுற்றிலும் துளிகள் தெறித்து நிற்குமே, அப்படி இருந்தது.

சொர்ணவல்லி நெடுநேரம் பார்த்தார். ஈரத்தில் புழுங்கிய தோல் என்றால், ஈரத்துணி அழுத்தும் மேட்டில்தான் சிவப்பு அதிகம் இருக்க வேண்டும். துணி எட்டாத மடிப்பின் உள்பக்கம் பெரும்பாலும் தப்பித்திருக்கும். இங்கே மேடு ஆறிவிட்டது; மடிப்பு எரிகிறது. ஈரத்தை எடுத்த பிறகும் பரவுகிறது. பரவும்போது முன்னால் ஆள் அனுப்பி இடம் பிடிப்பதுபோல் தனித்தனிப் புள்ளியாகப் பரவுகிறது. ஏதோ ஒன்று அங்கே குடியிருந்து பெருகுகிறது.

சுத்தமான துணியை விரலில் சுற்றிக் குழந்தையின் வாயைத் திறந்தார். கன்னத்தின் உள்பக்கம் தயிர்த் திப்பி போல வெள்ளை. துடைத்தார், வரவில்லை. பால் படிந்ததாக இருந்தால் துடைத்த மாத்திரத்தில் வந்திருக்கும்.

"கண்ணம்மை, இங்க வாம்மா. பாலு குடுக்கையில ஒனக்கு எரியுதா?"

கண்ணம்மை மாமியாரைப் பார்த்தாள்.

"அயித்தையைப் பார்க்காதே. என்னையப் பார்த்துச் சொல்லு."

"மிளகா அரைச்ச கை பட்டாப்புல இருக்கு. பிள்ளை வாயை எடுத்தப்புறமும் எரியுது."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா. சொன்னா... பாலு குடுக்க வலிக்குதுன்னு சொல்றியாம்பாகன்னு சொல்லலை."

ஆச்சி தாம்பாளத்தின் விளிம்பைத் தேவையில்லாமல் ஒருமுறை துடைத்தார்.

சொர்ணவல்லி குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஆச்சிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "ஆச்சி, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேங்க. மேலாகப் பார்த்துட்டு ஈரப் புழுக்கம்னுட்டேன். மடிப்பைப் பிரிச்சுப் பார்க்கலை. எண்ணெயை வேற போடச் சொன்னேன். அது மடிப்புக்குள்ள நின்னு ஈரத்தை வெளிய விடலை. இது வேற. பூஞ்சைன்னு நெனைக்கிறேன். வாயில இருக்கிறதும் கீழ இருக்கிறதும் இவ மார்ல எரியுறதும் ஒண்ணுதான்னு தோணுது."

"தோணுதுங்கிறே. முன்னயும் அப்படித்தானே தோணுச்சு?"

"ஆமாங்க. அதனாலதான் நான் மருந்து சொல்லலை. திருமயத்துல டாக்டரம்மாகிட்ட இப்பவே காட்டுவோம். அவுக பாலை நிப்பாட்டுன்னு சொன்னா நானே பூ வச்சுக் கட்டுறேன்."

"எறும்பு செத்துச்சே வல்லி. நான் கண்ணால பார்த்தேன்."

"பார்த்திருப்பீங்க. ஒரு சங்கு மாட்டுப் பாலு குடுக்கச் சொல்லுங்க."

மூக்காயி கொண்டுவந்தாள். தூணோரம் போன எறும்பு ஒன்றை சொர்ணவல்லி எடுத்து விட்டார். அது இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு காலை மடக்கிக்கொண்டு மிதந்தது.

"இது எங்க காரி மாட்டுப் பாலுடீ," என்றார் ஆச்சி. அவருடைய முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "தேனாட்டம் இருக்கும்."

"அப்ப மாட்டுக்கும் பூ வச்சுக் கட்டிருவமா ஆச்சி?"

மூக்காயி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். ஆச்சியின் உதடு ஓரமாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "பிளஷர் காரை எடுக்கச் சொல்லு" என்றார். பூத் தாம்பாளத்தை அவரே எடுத்துச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்தார்.

தாலுகா ஆசுபத்திரி டாக்டரம்மா வயதில் சிறியவர், சிக்கனமாகப் பேசுபவர். மடிப்பைப் பிரித்தார், வாயைப் பார்த்தார், கண்ணம்மையை மறைவுக்கு அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஆச்சியிடம் கேட்டார்: "முன்னாடி பிள்ளைக்கு வேற எதுக்காவது மருந்து குடுத்தீங்களா?"

"மாசியில சளி கட்டுச்சு. டவுன்ல காட்டுனோம். தித்திப்பா ஒரு மருந்து குடுத்தாக. நல்லாக் கேட்டுச்சு."

"கேட்டிருக்கும். அது கெட்ட கிருமியைக் கொல்லும்போது, வயித்துல வாயில இருக்கிற நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுரும். காலி எடத்துல இது வந்து ஏறிக்கும். ரப்பருக்குள்ள ஈரமும் சூடும் கெடச்சா கேக்கணுமா? ஈஸ்ட்டுனு பேரு. கள்ளை நுரைக்க வைக்குதே, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்."

"எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கள்ளா?"

"குடிக்கலை ஆச்சி, பயப்படாதீங்க. எல்லார் ஒடம்புலயும் கொஞ்சம் இருக்கிறதுதான். எடம் கெடச்சா ஆடும்." டாக்டரம்மா சொர்ணவல்லியின் பக்கம் திரும்பினார். "புள்ளிகளை வச்சுக் கண்டுபிடிச்சீங்களா?"

"புள்ளியும் மடிப்புந்தாங்க, டாக்டரம்மா. ரெண்டையும் முதல்ல பார்க்கலை."

"முதல்ல இருந்துச்சோ இல்லையோ. புழுக்கமா ஆரம்பிச்சு அதுமேல இது ஏறிக்கிறதும் உண்டு." அவர் நீர்மருந்து ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். மையைவிட அடர்ந்த ஊதா. ஜென்ஷன் வயலட் என்று பெயர். கீழே கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு காலையும் மாலையும் மெல்லிசாகப் பூச வேண்டும். வாய்க்கு இன்னும் நீர்க்கக் கரைத்தது. தாயின் மார்புக்கு, பால் கொடுத்து முடித்த பின் பூச வேண்டும். எண்ணெயும் பவுடர் மாவும் மடிப்புக்குள் கூடாது. துணிகளைக் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். "பாலை ஒரு வேளைகூட நிப்பாட்டாதீங்க. வாயும் மாரும் ஒண்ணா ஆறினாத்தான் மறுபடி ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. காய்ச்சல் வந்தாலோ, குடிக்கவே மாட்டேன்னாலோ ஒடனே தூக்கிட்டு வாங்க. ஒரு வாரத்துல கேக்கலைன்னா சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்போம்."

அன்று மாலை மல்லிகை சாமிக்குப் போயிற்று. டின் மூடி திறக்கப்படவில்லை.

மருந்து பூசும் வேலையைச் சொர்ணவல்லி கண்ணம்மையிடமே பழக்கினார். முதல் நாள் அவளுடைய விரல் ஐந்தும் ஊதாவாயின. பட்டு மெத்தையின் உறையிலும் ஒரு தீற்று விழுந்தது. சின்ன முதலாளியின் உதட்டைச் சுற்றி ஊதா, பின்புறம் முழுதும் ஊதா. ஆச்சி தள்ளி நின்று பார்த்தார்.

"நாவப்பழக் கூடையில உக்காந்து, அதையே தின்னுட்டு எந்திரிச்சாப்புல இருக்கான். பினாங்குக்குப் போட்டோ எடுத்து அனுப்பணும்னு எழுதியிருக்கான் முத்துராமன். இதையா அனுப்புறது?"

"கருப்பு வெள்ளைப் போட்டோதானே அயித்தை," என்றாள் கண்ணம்மை. அந்த வீட்டுக்கு வந்த பிறகு மாமியாரிடம் அவள் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். ஆச்சி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூக்காயியிடம் வெந்நீர்ப் பானையை இன்னும் பெரிதாக ஏற்றச் சொன்னார்.

புள்ளிகள் முதலில் அடங்கின. புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. பிறகு ஓரம் மங்கியது. ஊதாவோடு சேர்ந்து மெல்லிய தோல் உரிந்து, அடியில் வெளிறிய புதுத்தோல் தெரிந்தது. குழந்தை ஒருநாள் காலையில் இரண்டு பக்கமும் முழுதாகக் குடித்துவிட்டு, வாயில் பால் வழியத் தூங்கிப்போயிற்று. கண்ணம்மை பல்லைக் கடிக்கவில்லை.

இதற்குப் பிறகும் சொர்ணவல்லி அந்தப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அறுபதுகளில் ரப்பர் போய் பிளாஸ்டிக் நிக்கர் வந்தது. திருச்சியிலும் மதுரையிலும் பூஞ்சைக்குப் புதிய களிம்புகள் வந்தன. ஊதா மருந்தைக் கேலி செய்பவர்களும் வந்தார்கள். அவர் புதியதையும் கற்றுக்கொண்டார். மேலதிகாரிகள் தணிக்கைக்கு வரும்போது, ஒரே வீட்டுக்கு எதற்கு இத்தனை தடவை போகிறீர்கள் என்று கேட்பது உண்டு. "முதல் தடவை அவுகளுக்காகப் போறேங்க. ரெண்டாவது தடவை எனக்காகப் போறேன்" என்பார். அவர்களுக்கு அது விளங்கிற்றோ இல்லையோ, அதற்காக அவர் ஒருநாளும் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சிவந்த பின்புறம் என்று எந்தத் தாய் வந்து நின்றாலும், குழந்தை வீறிட்டாலும், சுற்றி நிற்பவர்கள் முகம் சுளித்தாலும், மடிப்பைப் பிரிக்காமல் அதன் பிறகு அவர் வாயைத் திறந்ததில்லை.

அந்தப் பங்குனிக்குக் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாம் ஆறிவிட்டது என்று பெரிய வீட்டிலிருந்து மூக்காயி மூலம் சேதி வந்தது. ஒரு குடும்பம் தானாகவே ஆள் அனுப்பி விடுதிக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்தது. பெரியண்ணன் பழத்தைப் பிய்த்துக்கொண்டே, "அப்பாடா, ஒரு வீட்டுலயாச்சும் வந்து சொன்னாக. இன்னைக்கு டயருக்கு லீவு" என்றார்.

சொர்ணவல்லி தோல்பையை எடுத்தார்.

"அதான் சொல்லி அனுப்பிட்டாகளே வல்லி."

"சொல்லித்தான அனுப்பியிருக்காக."

பொன்னம்மாள் ஆச்சி அவரைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார். "சேதி வரலையா ஒனக்கு?"

"வந்துச்சுங்க ஆச்சி. ஆறிருச்சுன்னு நீங்க பார்த்துட்டீங்க. நான் இன்னும் பார்க்கலைல."

ஆச்சி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்தாமே முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து, குழந்தையை முழங்காலில் கிடத்தி, இடது தொடையின் மடிப்பை இரண்டு விரலால் பிரித்துக் காட்டினார். பிறகு வலது மடிப்பை. கழுத்து மடிப்பைக்கூடப் பிரித்தார். எல்லாம் சுத்தமாக இருந்தன. ஊதாவின் ஒரு மெல்லிய நிழல் மட்டும் மிச்சம்.

சொர்ணவல்லி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்ன முதலாளி அவருடைய முந்தானையில் நேராகப் பீய்ச்சினார்.

"ரப்பர் நிக்கர் அரை டஜனும் பெட்டியில சும்மாத்தான் கெடக்கு," என்றார் ஆச்சி. "ஒனக்கு வேணும்னா கொண்டுபோடீ வல்லி. மேலே போட்டுக்க."

உள்ளே கண்ணம்மை சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பசித்து அழுத பிள்ளையை வாங்கிக்கொள்ள அவள் வெளியே வந்தாள்.